வாடகைப்படியில் எவ்வளவுக்கு வரி இல்லை?

சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே எச்.ஆர்.ஏ. என்று ஒரு தொகை இருக்கும். வீட்டு வாடகைப்படி. வாடகை வீட்டில் குடியிருக்கும் மாதச் சம்பளக்காரர்கள் இதைப் பற்றி இரண்டில் ஒன்றை நம்புகிறார்கள். படியாகக் கைக்கு வருவது முழுவதற்கும் வரி கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகை முழுவதையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். சட்டம் இரண்டையும் சொல்லவில்லை. மூன்று தொகைகளைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றில் மிகச் சிறியதற்கு மட்டும் வரிவிலக்கு தருகிறது. படியில் மிச்சம் இருந்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(13ஏ) பிரிவிலும், அதையொட்டிய விதி 2ஏ-யிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. அதனால் இங்கே நாம் போடப்போகும் கணக்கு முழுக்க 2025-26 நிதியாண்டுக்கானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தொகை, அலுவலகம் உண்மையில் கொடுத்த வாடகைப்படி. வராத பணத்துக்கு விலக்கு கேட்க முடியாது என்பதால் இது இயல்பான உச்சவரம்பு. இரண்டாவது, கொடுத்த வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தபின் எஞ்சுவது. சம்பளம் வாங்கும் யாரும் தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கையாவது குடியிருப்புக்குத் தானே செலவழிக்க வேண்டும், அதற்கு மேல் போவதை மட்டுமே அரசு கணக்கில் எடுக்கும் என்பதுபோல் இதைப் புரிந்துகொள்ளலாம். மூன்றாவது, சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு. வீடு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் இருந்தால் 50 சதவீதம், வேறு எங்கே இருந்தாலும் 40 சதவீதம்.

நடைமுறையில் பெரும்பாலோருக்குச் சிறியதாக வந்து நிற்பது இரண்டாவது தொகைதான். மாத வாடகை சம்பளத்தின் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லையென்றால் விலக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அலுவலகம் எவ்வளவு படி கொடுத்தாலும் இதுதான் நிலை. முழுப் படிக்கும் விலக்கு வேண்டுமென்றால் வாடகை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம். படித்தொகையோடு சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கூட்டினால் வருவதுதான் அந்த வாடகை.

இதில் ‘சம்பளம்’ என்று திரும்பத் திரும்ப வருவது எது? மாதம் வங்கியில் வந்து விழும் தொகை அல்ல. எல்லாப் படிகளும் சேர்ந்த மொத்தச் சம்பளமும் அல்ல. அடிப்படைச் சம்பளம், அதோடு ஓய்வுக்காலப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கப்படும் அகவிலைப்படி. இவ்வளவுதான். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்துக் கமிஷன் பெறுபவருக்கு அந்தக் கமிஷனும் சேரும். சிறப்புப் படி, போனஸ், பயணப்படி, மருத்துவப்படி எதுவும் சேராது.

அரசு ஊழியர்களும் பொதுத்துறை ஊழியர்களும் தடுமாறும் இடம் இந்த அகவிலைப்படி. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அகவிலைப்படி என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. அதனால் அங்கே அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதம் கழித்தால் போதும். அங்கே வேலைபார்க்கும் நண்பர் சொன்ன கணக்கை அரசு ஊழியர் அப்படியே எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். சென்னையில் வேலைபார்க்கும் ஒரு மத்திய அரசு ஊழியரின் அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலையிலிருந்து அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 58,000. வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 30,000. வாடகையும் 30,000தான் கொடுக்கிறார். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் 10,000 கழித்து, விலக்கு 20,000 என்று தோன்றும். ஆனால் விதிப்படி சம்பளம் 1,58,000. அதில் பத்து சதவீதம் 15,800 போக, விலக்கு 14,200 மட்டுமே. வாங்கும் படியும் கொடுக்கும் வாடகையும் சரிசமமாக இருந்தும், படியில் பாதிக்கு மேல் வரிக்குப் போகிறது. அகவிலைப்படி ஏற ஏற, வாடகை ஏறாத வீட்டில் இருப்பவரின் விலக்கு குறைந்துகொண்டே வரும்.

இந்தக் கணக்கு யாருக்குத் தேவை என்பதையும் பார்த்துவிட வேண்டும். வாடகைப்படிக்கான விலக்கு பழைய வரித்திட்டத்தில் மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய திட்டம்தான் இயல்பான திட்டம்; நாமாகக் கேட்டால்தான் பழையது. 2025-26இல் புதிய திட்டப்படி மாதச் சம்பளக்காரர் ஒருவரின் ஆண்டு மொத்தச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை இருந்து, வேறு வருமானம் இல்லையென்றால் வரியே கிடையாது. அந்த அளவுக்குள் இருப்பவர்கள் வாடகை ரசீதுக்காக வீட்டுக்காரரிடம் அலைய வேண்டியதில்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்கி, கணிசமான வாடகையோடு வீட்டுக்கடன் வட்டி, சேமிப்பு, மருத்துவக் காப்பீடு என்று மற்றக் கழிவுகளும் இருப்பவருக்குத்தான் பழைய திட்டம் இன்னும் லாபம் தர வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் ஆண்டை மாதம் மாதமாகப் பார்ப்போம்.

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கும் பெண் அவர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவருடைய அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய், வாடகைப்படி 24,000. கோவையில் அவர் கொடுக்கும் வாடகை 18,000. அக்டோபரில் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 80,000 ஆகிறது, வாடகைப்படி 36,000 ஆகிறது. சென்னையில் வீடு கிடைக்கும் வரை அக்டோபர் முழுவதும் சித்தி வீட்டில் வாடகையில்லாமல் தங்குகிறார். நவம்பரில் குடும்பத்தோடு வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். மாத வாடகை 52,000.

கோவை மாதங்களை எடுத்துக்கொள்வோம். முதல் தொகை, வந்த படி: 24,000. இரண்டாவது, வாடகை 18,000இல் சம்பளத்தின் பத்து சதவீதம் 6,000 போக 12,000. மூன்றாவது, 60,000இல் 40 சதவீதம்: 24,000. சிறியது 12,000. ஆறு மாதத்துக்கு 72,000.

அக்டோபர் மாதத்தில் படி 36,000 வந்துவிட்டது. ஆனால் வாடகை கொடுக்கவில்லை. அதனால் விலக்கு பூஜ்யம். அந்த 36,000 முழுவதும் வரிக்கு உள்ளாகும்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதங்கள். முதல் தொகை 36,000. இரண்டாவது, 52,000இல் 8,000 போக 44,000. மூன்றாவது, 80,000இல் 50 சதவீதம், 40,000. சிறியது 36,000. ஐந்து மாதத்துக்கு 1,80,000.

ஆக, ஆண்டு முழுவதற்கும் விலக்கு 72,000மும் 1,80,000மும் சேர்ந்து 2,52,000. அவருக்கு ஆண்டில் வந்த மொத்தப் படி 3,60,000. மீதி 1,08,000 வரிக்கு உள்ளாகிறது.

இப்போது இதே ஆண்டைப் பலர் போடுகிற முறையில் போட்டுப் பார்க்கலாம். மார்ச் மாதம் உட்கார்ந்து, ஆண்டின் மொத்தங்களை மட்டும் கூட்டுவார்கள். படி 3,60,000. வாடகை, கோவையில் 1,08,000, சென்னையில் 2,60,000, மொத்தம் 3,68,000. அடிப்படைச் சம்பளம் 8,40,000. அதில் பத்து சதவீதம் 84,000. இரண்டாவது தொகை 3,68,000இல் 84,000 போக 2,84,000. மூன்றாவது, இப்போது இருப்பது சென்னைதானே என்று 50 சதவீதம் போட்டால் 4,20,000. சிறியது 2,84,000. சரியான தொகையைவிட 32,000 அதிகம். முப்பது சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸும் சேர்த்து இதனால் குறைவாகக் கட்டப்படும் வரி 9,984 ரூபாய். துறை கண்டுபிடித்தால் இந்த வரியோடு வட்டியும் கேட்கும்.

அந்த 32,000 எங்கிருந்து வந்தது? சென்னை மாதங்களில் இரண்டாவது தொகை 44,000 ஆக இருந்தது; விலக்கு 36,000தான். மாதம் 8,000 வீதம் ஐந்து மாதத்துக்கு 40,000 பயன்படாமல் போனது. ஆண்டு மொத்தத்தில் போடும்போது, இந்தப் பயன்படாத 40,000 ஓசையில்லாமல் கோவை மாதங்களின் பற்றாக்குறையை நிரப்பப் போய்விடுகிறது. அக்டோபர் சம்பளத்தின் பத்து சதவீதமான 8,000 மட்டும் கூடுதலாகக் கழிந்ததால், 40,000 என்பது 32,000 ஆயிற்று. ஒரு மாதத்தில் மிஞ்சியதை இன்னொரு மாதத்துக்குக் கொண்டுபோக விதி இடம் தரவில்லை. வாடகை வீட்டில் குடியிருந்த காலம் எதுவோ, அந்தக் காலத்துக்குரிய சம்பளத்தையும் படியையும் வாடகையையும்தான் ஒப்பிட வேண்டும் என்கிறது விதி. அதனால் சம்பளம், படி, வாடகை, ஊர் ஆகிய நான்கில் எது மாறினாலும் அந்த மாதத்திலிருந்து புதிதாக ஒரு கணக்கு தொடங்குகிறது. நான்கும் ஆண்டு முழுக்க மாறாமல் இருந்தால் மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் ஒரே விடையைத் தரும்.

மாதக் கணக்கின் கூட்டுத்தொகை ஒருபோதும் ஆண்டுக் கணக்கின் விடையைவிட அதிகமாக வராது. சமமாகவோ குறைவாகவோதான் வரும். வாடகை இல்லாத மாதமோ, வாடகை சம்பளத்தின் பத்து சதவீதத்தைத் தாண்டாத மாதமோ கணக்கில் கலந்திருந்தால் ஒழிய இது மாறாது. ஆகவே நீங்கள் போட்ட தொகையைவிட அலுவலகக் கணக்குப் பிரிவு குறைவாகக் காட்டினால், உடனே அவர்கள் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் மாதவாரியாகப் போட்டுப் பாருங்கள். அவர்கள் பக்கம் தவறு நேர்வது பெரும்பாலும் வேறு இடங்களில். ஊர் மாறியதைப் பதிவு செய்யாமல் 40 சதவீதத்திலேயே விட்டிருப்பார்கள். வாடகை ஏறியதை நீங்கள் தெரிவித்திருக்க மாட்டீர்கள். படிவம் 16இன் பகுதி ஆ-வில் 10(13ஏ) பிரிவின்படி விலக்கு என்று ஒரு தொகை இருக்கும். அதை உங்கள் மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் எந்த மாதத்தில் வேறுபாடு என்பது தெரிந்துவிடும்.

மூன்றில் எது சிறியது என்று தெரிந்துகொள்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது. என் பார்வையில் விடையைவிட இதுதான் முக்கியம். எந்தத் தொகை சிறியதாக நிற்கிறதோ அதை மாற்றினால் மட்டுமே விலக்கு மாறும். மற்ற இரண்டையும் எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் ஆகாது.

நம் பொறியாளருக்குக் கோவையில் சிறியதாக இருந்தது வாடகையைச் சார்ந்த இரண்டாவது தொகை. அந்த நேரத்தில் அவர் நிர்வாகத்திடம் போய், சிறப்புப் படியைக் குறைத்து வாடகைப்படியைக் கூட்டிக்கொடுங்கள் என்று கேட்டிருந்தால் பயனில்லை. 24,000 என்பது 30,000 ஆகியிருந்தாலும் விலக்கு அதே 12,000தான். அங்கே முழுப் படிக்கும் விலக்கு கிடைக்க 30,000 வாடகையுள்ள வீடு வேண்டும். வரிக்காக யாரும் 12,000 ரூபாய் அதிக வாடகைக்கு வீடு மாறக் கூடாது. மிச்சமாகும் வரி அந்த 12,000இல் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

சென்னையில் நிலைமை தலைகீழ். அங்கே சிறியதாக நிற்பது அலுவலகம் கொடுக்கும் படி. வீட்டுக்காரர் வாடகையை 55,000 ஆக்கினாலும் விலக்கில் ஒரு ரூபாய் கூடாது. மாறாக, மொத்தச் சம்பளம் மாறாமல் சிறப்புப் படியில் 4,000 குறைத்து வாடகைப்படியை 40,000 ஆக்கினால், மாதம் 4,000 கூடுதலாக விலக்குக்குள் வரும். அதற்கு மேல் ஏற்றினால் 50 சதவீதம் என்ற மூன்றாவது தொகை தடுத்துவிடும். சம்பளத்தைப் பிரித்துக்கொள்ளும் உரிமையைப் பல நிறுவனங்கள் ஏப்ரலில் ஊழியரிடமே விடுகின்றன. அந்தப் படிவத்தை நிரப்பும்போது இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

இனி அந்தப் பழைய திட்டம் இவருக்கு உண்மையிலேயே லாபமா என்று பார்க்கலாம். ஆண்டு மொத்தச் சம்பளம் 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய திட்டத்தில் நிலையான கழிவு 75,000 போக 17,25,000. அதற்கு வரி 1,45,000. செஸ் சேர்த்து 1,50,800. பழைய திட்டத்தில் வாடகைப்படி விலக்கு 2,52,000, நிலையான கழிவு 50,000, 80சி சேமிப்பு 1,50,000. மதுரையில் அவர் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் கடன் வட்டியில் 2,00,000. தன் குடும்பத்துக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000. எல்லாம் கழித்தால் 10,73,000. தொழில் வரியைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வரி 1,34,400, செஸ் சேர்த்து 1,39,776. பழைய திட்டத்தில் அவருக்கு 11,024 ரூபாய் மிச்சம். வாடகைப்படி விலக்கு சுமார் 35,000 ரூபாய் குறைந்திருந்தால் இந்த லாபம் முழுவதும் மறைந்து, புதிய திட்டமே மேல் என்றாகியிருக்கும். இப்படி நூலிழையில் நிற்கும் ஒரு முடிவை மேலோட்டமான ஆண்டுக் கணக்கை நம்பி எடுப்பது ஆபத்து.

ஊரில் சொந்த வீடும் வீட்டுக்கடனும் இருப்பவர் வாடகைப்படி விலக்கு கேட்கலாமா என்ற சந்தேகம் அடிக்கடி எழுகிறது. கேட்கலாம். குடியிருக்கும் வீடு தன்னுடையதாக இருக்கக் கூடாது, வாடகை உண்மையாகவே கொடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் நிபந்தனை. அதே ஊரில் சொந்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தால், தகுந்த காரணம் கேட்பார்கள்.

50 சதவீதமா 40 சதவீதமா என்பதைத் தீர்மானிப்பது வீடு இருக்கும் இடம். அலுவலகம் இருக்கும் இடம் அல்ல. நான்கு நகரங்களின் பட்டியல் பழையது. பெங்களூரு, ஹைதராபாத், புனே போன்ற ஊர்களில் வாடகை சென்னையைத் தொட்டும் தாண்டியும் போய்விட்டாலும், 2025-26இல் அங்கே 40 சதவீதம்தான். டெல்லியில் வேலைபார்த்துக்கொண்டு குருகிராமிலோ நொய்டாவிலோ குடியிருப்பவருக்கும் 40 சதவீதம்தான். வாடகை நிலவரத்துக்கும் விதிக்கும் இடையிலான இந்த இடைவெளி வாடகைதாரருக்கு நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் முன்பு பார்த்தபடி பெரும்பாலோருக்குச் சிறியதாக நிற்பது இரண்டாவது தொகை. அவர்களை இந்தச் சதவீதம் தொடுவதே இல்லை.

வாடகை என்று எதைக் காட்டலாம் என்பதிலும் கவனம் வேண்டும். சென்னையில் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். அது திரும்ப வர வேண்டிய பணம், வாடகை அல்ல. காலிசெய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டால், அப்படிக் கழித்தது வாடகையாகிவிடும். அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், தண்ணீர் லாரிப் பணம் எதுவும் வாடகையில் சேராது. கணவனும் மனைவியும் வேலைபார்த்து வாடகையைப் பகிர்ந்து கொடுத்தால், அவரவர் கொடுத்த பங்குக்கு அவரவர் கேட்கலாம். முழு வாடகையையும் இருவரும் காட்ட முடியாது.

சான்றுகளை அலுவலகத்துக்குத் தருவது படிவம் 12பிபி மூலம். வாடகை, வீட்டுக்காரரின் பெயர், முகவரி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவை. மாதம் 8,400 ரூபாய் வாடகைக்கே இந்த வரம்பு தாண்டிவிடும். பான் தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வாடகையைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டிவரும் என்ற தயக்கம்தான் காரணம். அவர் வாடகையில் முப்பது சதவீதம் சட்டப்படியே கழித்துக்கொள்ளலாம் என்பதை எடுத்துச் சொன்னால் சிலர் இறங்கி வருகிறார்கள். வீடு பார்க்கும்போதே, ஒப்பந்தம் எழுதும் முன்பே பான் பற்றிப் பேசிவிடுவது நல்லது. குடிபோன பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டலாமா? வீடு அவர்கள் பெயரில் இருந்து, மாதாமாதம் பணம் வங்கி வழியே போய், அவர்கள் அதைத் தங்கள் வருமானத்தில் காட்டினால் தடையில்லை. ரசீதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பணம் கைமாறாத கணக்குகள்தான் சிக்கும். அலுவலகம் தாக்கல் செய்யும் டி.டி.எஸ். விவரத்தோடு வீட்டுக்காரரின் பான் எண்ணும் துறைக்குப் போகிறது. அந்தப் பானுக்குரியவரின் கணக்கில் வாடகை வருமானமே இல்லையென்றால் முரண்பாடு தானாகவே வெளியே வரும். பொய்க் கணக்கு என்று தீர்மானமானால் அபராதம் ஏய்த்த வரியின் இரண்டு மடங்கு வரை போகும்.

நம் பொறியாளருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. பலர் இதைத் தவறவிட்டுவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு விழிக்கிறார்கள். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், வாடகைதாரரே வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் இதன் விகிதம் 2 சதவீதம். மாதாமாதம் பிடிக்க வேண்டாம். ஆண்டின் கடைசி மாத வாடகையில், அல்லது அதற்கு முன்பே காலிசெய்தால் அந்தக் கடைசி மாத வாடகையில், மொத்தமாகப் பிடித்தால் போதும். அவர் சென்னையில் ஐந்து மாதத்துக்குக் கொடுத்தது 2,60,000. அதில் 2 சதவீதம் 5,200. மார்ச் மாத வாடகையாக வீட்டுக்காரருக்கு 46,800 கொடுத்துவிட்டு, 5,200ஐ ஏப்ரல் 30க்குள் படிவம் 26கியூசி வழியாகக் கட்ட வேண்டும். கட்டியபின் வீட்டுக்காரருக்குப் படிவம் 16சி சான்றிதழைத் தர வேண்டும். இதற்கு டான் எண் தேவையில்லை. இருவருடைய பான் எண்கள் போதும். வீட்டுக்காரர் பான் தரவில்லையென்றால் 2 சதவீதம் என்பது 20 சதவீதமாகிவிடும். ஆனால் பிடிக்கும் தொகை கடைசி மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த எளிய ஏற்பாடு பொருந்தாது. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், மிக அதிகமான விகிதத்தில் ஒவ்வொரு மாதமும் பிடிக்க வேண்டிவரும். வீட்டுக்காரர் துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார், அவருடைய தம்பிதான் வாடகை வாங்குகிறார் என்ற நிலையில் இருப்பவர்கள் இதை முதல் மாதமே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்தில் ஜனவரி, பிப்ரவரியில் சான்று கேட்கும்போது கொடுக்கத் தவறியவர்களுக்கு விலக்கு போய்விடாது. அலுவலகம் வரியைக் கூடுதலாகப் பிடித்திருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது தானே விலக்கைக் கேட்டு, கூடுதல் வரியைத் திரும்பப் பெறலாம். கணக்குப் படிவம் படி, வாடகை, சம்பளம் எல்லாவற்றையும் ஆண்டுத் தொகையாகவே கேட்கும். இடையில் ஊர் மாறியதும் வாடகை மாறியதும் அதற்குத் தெரியாது. அதனால் மாதவாரிக் கணக்கைத் தனித் தாளில் போட்டு, வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அந்தத் தாள்தான் பதில். அலுவலகத்தில் புதிய திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கணக்கு தாக்கல் செய்யும்போது பழையதற்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்பவருக்குப் பழைய திட்டம் கிடையாது. அதோடு வாடகைப்படி விலக்கும் கிடையாது.